ஒத்திகைக்கு ஆள் சேரவில்லையா? அட்டவணையில் பிழை எங்கே என்று பார்க்கும் வழி

நான் தமிழாசிரியர். தர்மபுரி மாவட்டத்தில், பாலக்கோடு பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளி. ஆண்டு விழா நாடகம் என்றால் அது தமிழாசிரியர் தலையில்தான் விடியும் என்பது எழுதப்படாத விதி. முதல் இரண்டு ஆண்டுகள் நான் போட்ட ஒத்திகை அட்டவணை பத்து நாள்கூடத் தாங்கவில்லை. "தினமும் மாலை 4.15 முதல் 5.30 வரை, எல்லோரும்" என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். மொத்த அட்டவணையும் அந்த ஒரு வரிதான்.

சென்ற ஆண்டு அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாதிரி செய்தோம். நாடகம் பெயர் 'நெல்லிக்கனி'. அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதை, ஔவை தொண்டைமானிடம் தூது போனது, சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை முற்றுகையிட்டது, அதியமான் மாண்டது. தகடூர் என்பது நம் தர்மபுரியின் பழைய பெயர் என்பதால் பிள்ளைகளுக்கு ஒரு சொந்த உணர்வு. ஏழு காட்சி, 31 நிமிடம், 14 பேர். நவம்பர் முதல் திங்கள் தொடங்கி ஜனவரி கடைசி வெள்ளி அரங்கேற்றம். இந்த ஒரு நாடகத்தை வைத்தே என்ன தொந்தரவு வந்தால் எங்கே பார்ப்பது என்று சொல்கிறேன்.

தொந்தரவு: தினமும் யாராவது ஒருவர் இல்லை, மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்

இதுதான் முதலில் வரும். "சார், அவன் கிரவுண்டுக்குப் போயிட்டான்", "சார், அவளுக்கு ஸ்பெஷல் கிளாஸ்". பதினான்கு பேரில் இரண்டு பேர் இல்லை என்றால் பன்னிரண்டு பேர் இருக்கிறார்களே என்று தோன்றும். ஆனால் அந்த இரண்டு பேரில் ஒருவன் அதியமான் என்றால் ஏழில் ஐந்து காட்சி ஓடாது. மீதி பேர் மரத்தடியில் கதை பேசிக்கொண்டிருப்பார்கள். மூன்றாம் நாள் அவர்களும் வர மாட்டார்கள்.

பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை என்று நினைத்துத் திட்ட வேண்டாம். எல்லோரும் எல்லா நாளும் தேவை என்று அட்டவணை சொல்வதுதான் கோளாறு. உண்மையில் பதினான்கு பேரும் மேடையில் ஒன்றாக நிற்பது கடைசிக் காட்சியில் மட்டும். மற்ற காட்சிகளில் மூன்று பேரோ ஆறு பேரோ போதும்.

அதனால் தேதி போடுவதற்கு முன் ஒரு தாளில் காட்சியையும் ஆளையும் எழுதுங்கள். எங்களுடையது இப்படி இருந்தது:

| காட்சி | நிமிடம் | யார் யார் |
|---|---|---|
| 1. மலையில் நெல்லி | 5 | அதியமான், வேடுவர் 2 |
| 2. கனியைக் கொடுத்தல் | 4 | அதியமான், ஔவை, அமைச்சர் |
| 3. ஊர்ச் சந்தை | 3 | ஊர்மக்கள் 5 |
| 4. தொண்டைமானின் படைக்கலக் கொட்டில் | 6 | ஔவை, தொண்டைமான், காவலர் 2 |
| 5. ஔவை திரும்புதல் | 4 | அதியமான், ஔவை, அமைச்சர் |
| 6. முற்றுகை | 5 | அதியமான், சேரன், வீரர் 4 |
| 7. இறுதி | 4 | எல்லோரும் |

வேடுவர் இருவரும் ஊர்மக்களில் இரண்டு பேர்தான். காவலர் இருவரும் வீரர்களில் இரண்டு பேர். இப்படி ஒரே ஆள் இரண்டு வேடம் போடுவதைத் தாளில் குறித்து வைக்காவிட்டால், "காவலர் இன்னைக்கு ஃப்ரீ தானே" என்று நினைத்துக் கூப்பிடுவீர்கள், அவன் மைதானத்தில் இருப்பான்.

இந்தத் தாள் போட்ட பிறகு "இன்று ரிகர்சல்" என்ற பேச்சே இருக்காது. "இன்று நான்காம் காட்சி" என்றுதான் அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும். வராதவர்கள் யார் என்று தேடுவதும் நின்றுபோகும். தேவையில்லாதவர்களை நாம்தான் கூப்பிடவில்லையே.

தொந்தரவு: மற்ற காட்சிகள் தேறிவிட்டன, ஒரு காட்சி மட்டும் நொண்டுகிறது

இது கொஞ்சம் ஆழமான கோளாறு. கவனித்துப் பார்த்தால் அந்த ஒரு காட்சிக்கு மட்டும் ஒத்திகை நேரமே கிடைத்திருக்காது. ஆனால் அட்டவணையைப் பார்த்தால் தெரியாது, ஏனென்றால் வாரம் முழுக்க ஏதோ ஒரு ஒத்திகை நடந்துகொண்டுதான் இருந்தது.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. காட்சித் தாளுக்குப் பக்கத்தில் இன்னொரு தாள் எடுத்து, ஒவ்வொரு பிள்ளையும் எப்போது *வர முடியாது* என்று மட்டும் எழுதுங்கள். எப்போது வர முடியும் என்று கேட்டால் எல்லோரும் "எப்பவும் வருவேன் சார்" என்பார்கள். எப்போது முடியாது என்று கேட்டால்தான் உண்மை வரும்.

எங்களுக்கு வந்த பதில்கள்: அதியமான் பதினொன்றாம் வகுப்பு, வாலிபால் அணி, செவ்வாயும் வியாழனும் மாலை மைதானம். வீரர்கள் நால்வரும் எட்டாம் வகுப்பு கோ-கோ பையன்கள், அவர்களுக்குத் திங்கள், புதன் மாலை, அதோடு சனிக்கிழமை 11 மணி வரை. அமைச்சர் பத்தாம் வகுப்பு, தினமும் மாலை ஸ்பெஷல் கிளாஸ், சனிக்கிழமையும் 11 மணி வரை. ஊர்மக்கள் ஐந்து பேரும் எறிபந்து ஆடும் பெண்கள், செவ்வாய், வியாழன். ஔவை ஒன்பதாம் வகுப்பு, மாரண்டஹள்ளியைத் தாண்டி உள்ளே ஒரு ஊர், ஐந்தே கால் பஸ்ஸை விட்டால் அடுத்தது இருட்டிய பிறகுதான். தொண்டைமானும் சேரனும் மட்டும் எந்த வம்பிலும் இல்லாதவர்கள்.

இனி காட்சி காட்சியாக வெட்டிப் பாருங்கள். நான்காம் காட்சிக்கு ஔவை, தொண்டைமான், காவலர் இருவர். காவலர்கள் கோ-கோ பையன்கள், ஆக செவ்வாய், வியாழன், வெள்ளி மூன்று நாளும் கிடைக்கிறது. முதல் காட்சிக்கு அதியமானும் வேடுவரும். அவர்கள் எல்லோருக்குமே முடியாத நாள் செவ்வாய், வியாழன்தான், மற்ற நாள் தாராளம். ஆறாம் காட்சிக்கு வந்தால் அதியமானால் செவ்வாயும் வியாழனும் முடியாது, வீரர்களால் திங்களும் புதனும் முடியாது. மிஞ்சுவது வெள்ளி ஒன்று. சனிக்கிழமை 11 மணிக்கு மேல் எல்லோரும் இருப்பார்கள், ஆனால் அந்த நேரத்தைத்தான் ஏழாம் காட்சியும் அமைச்சர் வரும் காட்சிகளும் கேட்கின்றன.

அப்படியானால் ஆறாம் காட்சிக்கு மொத்தம் எவ்வளவு நேரம்? மாலை ஒத்திகை என்பது 4.15 முதல் 5 வரை, முக்கால் மணி. தேர்வு, விடுமுறை எல்லாம் கழித்தால் எங்களிடம் இருந்தது ஆறு வாரம். கடைசி வெள்ளி விழா நாளே. ஐந்து வெள்ளி என்றால் மூன்றே முக்கால் மணி நேரம். நடைமுறையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்: மழை வரும், ஒருவனுக்குக் காய்ச்சல் வரும், திடீரென்று ஆசிரியர் கூட்டம் வரும். கையில் நிற்பது இரண்டரை மணி நேரம். ஒரு நிமிட நாடகத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் ஒத்திகை வேண்டும் என்பது என் அனுபவக் கணக்கு. பேச்சுக் காட்சிக்கு இதைவிடக் குறைவாகவும், கம்பு சுற்றும் காட்சிக்குக் கூடுதலாகவும் ஆகும். ஐந்து நிமிடச் சண்டைக் காட்சி இரண்டரை மணி நேரத்தில் தேறாது. இது ஜனவரியில் மேடையில் தெரிய வேண்டிய விஷயம், எங்களுக்கு நவம்பர் முதல் வாரம் தாளிலேயே தெரிந்துவிட்டது.

மொத்தக் கணக்கைப் பார்த்திருந்தால் ஏமாந்திருப்போம். வாரத்துக்கு ஐந்து மாலை, மூன்று மதிய இடைவேளையில் இருபது இருபது நிமிடம், சனிக்கிழமை இரண்டரை மணி நேரம், ஆக ஏழே கால் மணி. ஆறு வாரத்துக்கு 43 மணி சொச்சம். மூன்றில் ஒன்று போனாலும் 29. முப்பத்தொரு நிமிட நாடகத்துக்கு ஏறத்தாழச் சரியாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அந்த நேரம் நான்காம் காட்சியின் பக்கம் குவிந்து கிடந்தது, ஆறாம் காட்சி பட்டினி.

தீர்வாக முதலில் எல்லோரும் நினைப்பது, வாலிபால் பயிற்சி நாளை மாற்றச் சொல்லிக் கேட்பது. அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் நாடகத்தை மாற்றினோம். பிரதி நம் கையில்தானே இருக்கிறது! ஆறாம் காட்சியை இரண்டாக வெட்டினோம். முதல் பாதியில் சேரனும் நான்கு வீரர்களும் மட்டும் கோட்டை வாசலில் மோதுகிறார்கள். இதற்கு அதியமான் தேவையில்லை, அதனால் வியாழன் மாலைக்குப் போனது. இரண்டாம் வாரத்திலிருந்து நான்காம் காட்சி வியாழனை விட்டுக்கொடுத்தது. இரண்டாம் பாதியில் அதியமான் தனியாக மதில்மேல் நின்று பேசுகிறான், பக்கத்தில் யாரும் இல்லை. அது திங்கள் மாலை. இரண்டும் சேரும் இடம், அதாவது அதியமான் இறங்கி வந்து அவர்களோடு மோதுவது, ஒன்றரை நிமிடம். அந்த ஒன்றரை நிமிடத்துக்கு மட்டும் வெள்ளிக்கிழமை. நேரம் போதும் என்று ஆகிவிட்டது. காட்சியும் முன்பைவிட நன்றாக வந்தது, ஆனால் அது நான் திட்டமிட்டதல்ல.

அமைச்சர் வரும் இரண்டாம், ஐந்தாம் காட்சிகளுக்கும் இதே வைத்தியத்தின் சிறிய வடிவம். அவனோடு சேர்ந்து பேசும் வசனங்களை மதிய இடைவேளையில் சாப்பிட்ட கையோடு உட்கார்ந்தபடி சொல்லிப் பார்ப்பார்கள். நடந்து நடிப்பதற்கு இருபது நிமிடம் போதாது, வசனத்துக்குப் போதும். ஔவையும் அதியமானும் மட்டும் பேசும் பகுதி புதன் மாலை. அமைச்சர் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு நாற்காலி நின்றது.

தொந்தரவு: பி.டி. சார் கோபித்துக்கொள்கிறார், அல்லது பிள்ளைகள் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள்

இதில் தவறு பெரும்பாலும் நம் பக்கம்தான். விளையாட்டுக்கு இரண்டு வகை நாட்கள் உண்டு என்பதை நாடகக்காரர்கள் கவனிப்பதில்லை. ஒன்று வழக்கமான பயிற்சி, அது முன்கூட்டியே தெரியும். இன்னொன்று போட்டி நாள். குறுவட்டப் போட்டியில் வென்றால் வருவாய் மாவட்டப் போட்டி, அதிலும் வென்றால் மாநிலம். தோற்றால் அத்தோடு முடிந்தது. வெல்லப்போகிறார்களா என்று யாருக்குத் தெரியும்? அதனால் பின்னால் வரும் தேதிகளை உறுதியாகக் கேட்டால் பி.டி. சாரால் சொல்ல முடியாது, நாம் நச்சரிப்பதாக அவருக்குத் தோன்றும்.

அவரிடம் நான் கேட்பது மூன்று கேள்விதான். எந்த நாள் பயிற்சியை விட்டாலும் பரவாயில்லை, எந்த நாளை விடவே கூடாது? போட்டிக்கு எத்தனை நாள் முன்பு பயிற்சி தினசரியாக மாறும்? வென்றால் அடுத்த கட்டம் எந்த வாரவாக்கில் வரும்? எங்கள் வாலிபால் அணிக்குப் போட்டிக்கு முந்தைய ஏழு நாள் தினமும் பயிற்சி. ஆக, நவம்பரில் ஒரு வாரம் அதியமான் கிடையாது என்று பென்சிலால் குறித்தோம். அந்த வாரத்துக்கு மூன்றாம், நான்காம் காட்சிகளையும் வீரர்களின் சண்டையையும் ஒதுக்கி வைத்தோம். போட்டி அந்த வாரம் வரவில்லை, அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போனது. பென்சில் குறியையும் தள்ளிப் போட்டோம், அவ்வளவுதான். அதியமான் இல்லாமல் செய்யக்கூடிய வேலை ஒரு வாரத்துக்கு எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். அணியில் முக்கியமான ஆள் நாடகத்திலும் முக்கியமான ஆள் என்றால் இது இல்லாமல் முடியாது.

இன்னொரு சின்ன விஷயம். பயிற்சி முடிந்து நேராக வரும் பிள்ளைக்குச் சண்டைக் காட்சி கொடுக்காதீர்கள். சனிக்கிழமை 11 மணிக்குக் கோ-கோ முடித்து வரும் பையன்களை உடனே கம்பு சுற்றச் சொன்னேன், ஒருவன் முட்டியில் அடிபட்டுக்கொண்டான். திங்கட்கிழமை பி.டி. சார் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அதன் பிறகு 11 மணிக்கு முதலில் ஐந்தாம் காட்சி, வீரர்கள் தண்ணீர் குடித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள், பிறகு ஏழாம் காட்சி.

தொந்தரவு: அரையாண்டுத் தேர்வு முடிந்து வந்தால் எல்லாம் மறந்துவிட்டது

எனக்கு மிகவும் எரிச்சலூட்டிய தொந்தரவு இது. நவம்பர் முதல் ஜனவரி கடைசி வரை பதின்மூன்று வாரம் இருப்பதாகத் தெரியும். அதில் இரண்டாம் இடைப்பருவத் தேர்வுக்கு ஒரு வாரம். அரையாண்டுக்கு முந்தைய வாரம், தேர்வு நடக்கும் வாரங்கள், விடுமுறை என்று சேர்த்து ஐந்து வாரம். பொங்கலுக்கு ஒரு வாரம். கழித்தால் ஆறு வாரம். அந்த ஆறும் சேர்ந்தாற்போல இல்லை. நவம்பரில் மூன்று, பிறகு ஐந்து வாரப் பள்ளம், ஜனவரியில் ஒன்று, பொங்கல், கடைசியில் இரண்டு. பொங்கல் வாரம் முடிந்து உடனே எல்லோரும் வந்துவிடுவார்கள் என்றும் எண்ண வேண்டாம். கிருஷ்ணகிரி எல்லையோரம் எருது விடும் விழா நடக்கும் ஊர்ப் பையன்கள் இரண்டு நாள் கழித்துத்தான் வருவார்கள், அதைக் கேட்கவும் முடியாது.

முதல் ஆண்டில் நவம்பரில் எதைச் செய்தேன் தெரியுமா? மேடையில் யார் எங்கே நிற்பது, எப்போது திரும்புவது என்று அசைவுகளை எல்லாம் சொல்லிக் கொடுத்தேன், பிள்ளைகள் தாளைக் கையில் பிடித்துக்கொண்டே நடந்தார்கள். பார்க்க நாடகம் மாதிரியே இருந்தது. ஜனவரியில் வந்தபோது அசைவும் மறந்துபோயிருந்தது, வசனம் முன்பே வராதது. இரண்டையும் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது.

எங்கள் பிள்ளை ஒருவனின் அப்பா தெருக்கூத்து ஆடுபவர். பாரதக் கூத்தில் கர்ணன் வேடம் கட்டுவார். அவரிடம் புலம்பினேன். "சார், பாட்டு வாயில நின்னுட்டா காலு தானா நிக்கும். நீங்க காலுல ஆரம்பிச்சிருக்கீங்க" என்றார். அதிலிருந்து பள்ளத்துக்கு முந்தைய மூன்று வாரத்தின் வேலை வசனத்தை மனப்பாடம் ஆக்குவது மட்டும்தான் என்று வைத்துக்கொண்டேன். சண்டைக் காட்சி ஒன்றுதான் விதிவிலக்கு, அதற்கு உடம்பு பழக வேண்டும். நவம்பர் கடைசிச் சனிக்கிழமை தாளைப் பிடித்தபடி யாரும் மேடையேறக் கூடாது என்பது நிபந்தனை. அன்று ஒரு போனில் எல்லாக் காட்சியையும் எடுத்து வைத்துக்கொண்டோம், ஜனவரியில் எங்கே நின்றோம் என்று பார்க்க.

தேர்வு நாட்களில் ஒன்றும் செய்ய வேண்டாம். "தினமும் பத்து நிமிடம் வசனம் சொல்லிப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்பினால் யாரும் சொல்லிப் பார்க்க மாட்டார்கள், பெற்றோர் மட்டும் நாடகத்தின்மேல் கோபப்படுவார்கள். விடுமுறையிலும் கூப்பிடவில்லை.

ஜனவரி முதல் திங்கள் பள்ளி திறந்ததும் நடிக்க விடாமல் வட்டமாக உட்கார வைத்து வசனத்தை மட்டும் வேகமாகச் சொல்லச் செய்தோம். ஒருத்தி தாளை வைத்துக்கொண்டு, நின்றுபோன இடத்தில் முதல் சொல்லை மட்டும் எடுத்துக் கொடுத்தாள், ஒவ்வொரு முறையும் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். இந்தக் கோடுகள்தான் சோதனை. ஐந்தாம் காட்சியில் மூன்று கோடு, நான்காம் காட்சியில் பதினான்கு. நான்காம் காட்சியில் கோடு அத்தனையும் தொண்டைமான் பேசும் இடத்தில். அவன் எந்த விளையாட்டிலும் இல்லாதவன், நேரம் அதிகம் உள்ளவன் என்று நான் கண்டுகொள்ளாமல் விட்டவன்! அந்த வாரம் செவ்வாயன்று மட்டுமல்ல, மதியமும் அவனோடு உட்கார்ந்தேன். கோடு குறைவாக இருந்தும் மேடையில் தடுமாறும் காட்சி என்றால் வசனம் சரி, அசைவுதான் போயிருக்கிறது. அதற்குப் போனில் எடுத்ததைப் போட்டுக் காட்டினால் அரை மணி நேரத்தில் திரும்பிவிடும்.

இந்தச் சோதனையைச் செய்யாமல் நேராக முழு ஒத்திகைக்குப் போனால் எல்லாமே கெட்டுப்போனது போலத் தோன்றும். உண்மையில் இரண்டு காட்சிதான் கெட்டிருக்கும்.

தொந்தரவு: பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஜனவரியில் நழுவுகிறார்கள்

அவர்களுக்கு ஜனவரியிலிருந்து திருப்புதல் தேர்வுகள் வரிசையாக வரும், பன்னிரண்டுக்குப் பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. விழா ஜனவரி கடைசி என்றால் கடைசி இரண்டு வாரம் அவர்களைப் பிடித்து வைப்பது நியாயமும் இல்லை, நடக்கவும் நடக்காது.

இதற்கு அட்டவணையில் மருந்து இல்லை, ஆள் தேர்வில்தான் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பை நான் நடிக்கவே எடுப்பதில்லை. மைக் செட், திரை, ஒப்பனை என்று விழா நாளில் மட்டும் தேவைப்படும் வேலை கொடுத்துவிடுவேன். பத்தாம் வகுப்பில் ஆசைப்படுபவனுக்கு அமைச்சர் மாதிரி மூன்று காட்சி வேடம், அதுவும் அவன் இல்லாவிட்டால் இன்னொருவன் படிக்கக்கூடியதாக. ஏற்கெனவே ஒரு பெரிய வேடத்தைப் பத்தாம் வகுப்புக்குக் கொடுத்துவிட்டு இதைப் படிக்கிறீர்கள் என்றால், இன்றே ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து அதே வசனத்தைப் படிக்கச் சொல்லுங்கள். மாற்று ஆள் என்று அறிவிக்க வேண்டாம், பெரியவன் முகம் சுண்டிவிடும். "வசனம் எடுத்துக் கொடுக்க ஒரு ஆள்" என்று சொன்னால் போதும்.

தொந்தரவு: ஐந்து மணி நெருங்கினால் பிள்ளைகளின் கண் வாசலுக்குப் போகிறது

பஸ். எல்லோரிடமும் பஸ் நேரத்தைக் கேட்டு அட்டவணையின் ஓரத்தில் எழுதுங்கள். பிறகு மாலை ஒத்திகையில் யார் சீக்கிரம் போக வேண்டுமோ அவர்கள் வரும் இடத்தை முதலில் எடுங்கள், கதையின் வரிசையைப் பார்க்க வேண்டாம். நான்காம் காட்சியில் ஔவை நுழைவதற்கு முன் காவலர்கள் பேசும் பகுதி ஒன்றரை நிமிடம். வரிசைப்படி போனால் அதிலேயே கால் மணி போய்விடும், ஔவை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். அதனால் ஔவை நுழைவதிலிருந்து தொடங்கி, 4.50க்கு அவளை அனுப்பிவிட்டு, கடைசிப் பத்து நிமிடம் காவலர்களுக்கு. பெண் பிள்ளைகளின் வீட்டில் நம்மேல் நம்பிக்கை வைத்து அனுப்புகிறார்கள். ஒரு நாள் பஸ்ஸை விட்டுவிட்டு அப்பா பைக்கில் தேடி வரும்படி ஆகிவிட்டால் மறுநாளிலிருந்து ஔவை கிடையாது.

தொந்தரவு: கடைசி வாரத்தில் மேடையே கிடைக்கவில்லை

கூட்ட அரங்கம் தேர்வு நாட்களில் பெஞ்சு அடுக்கிக் கிடக்கும், திருப்புதல் தேர்வுக்கும் அதே அரங்கம்தான். விழா மேடையும் சாமியானாவும் மைக் செட்டும் முந்தைய நாள் மாலைதான் வரும். இதை மாற்ற முடியாது என்று ஏற்றுக்கொண்டு, மேடையின் அகல நீளத்தை முன்பே அளந்து, மைதானத்தின் ஓரத்தில் சுண்ணாம்புப் பொடியால் அதே அளவுக்குக் கட்டம் போட்டோம். பி.டி. சாரே கோடு போடும் டப்பாவைக் கொடுத்தார், முட்டி விவகாரம் மறந்திருந்தது போலும்.

கடைசி வாரத்தில் காட்சி காட்சியாக ஒத்திகை கிடையாது, முழு ஓட்டம் மட்டும். அதற்குத் தேதியைப் பின்னாலிருந்து எண்ணி வைத்தோம். வெள்ளி விழா. வியாழன் மாலை மைக்கோடு ஒரு ஓட்டம். புதன் மாலை உடையோடு. திங்கள் குடியரசு தின விடுமுறை, அதனால் முதல் முழு ஓட்டம் முந்தைய சனிக்கிழமை 11 மணிக்கே. வியாழனும் புதனும் வாலிபாலும் கோ-கோவும் ஸ்பெஷல் கிளாஸும் குறுக்கே வரும் நாட்கள். அந்த இரண்டு மாலைக்கு மட்டும் பி.டி. சாரிடமும் பத்தாம் வகுப்பு ஆசிரியரிடமும் விடுப்பு கேட்டேன், நவம்பரிலேயே கேட்டு ஹெச்.எம். கையெழுத்தோடு வாங்கி வைத்துவிட்டேன். மூன்று மாதத்தில் அவர்களிடம் நான் கேட்டது அந்த இரண்டு மாலைதான் என்பதால் இருவரும் மறுக்கவில்லை.

உடையோடு ஓடிய புதன்கிழமைதான் ஒரு புது விஷயம் தெரிந்தது. நான்காம் காட்சியில் காவலராக நின்ற இருவரும் ஆறாம் காட்சியில் வீரராக வர வேண்டும், நடுவில் இருப்பது நான்கு நிமிட ஐந்தாம் காட்சி. தலைப்பாகையை அவிழ்த்துக் கச்சை கட்ட ஆறு நிமிடம் ஆனது. தாளில் இரண்டு வேடம் என்று குறித்திருந்தேன், உடை மாற்றும் நேரத்தைக் குறிக்கவில்லை. கடைசியில் காவலர்கள் கச்சையைக் கட்டிக்கொண்டு அதன்மேல் சால்வையைப் போர்த்தி நின்றார்கள். தொண்டைமானின் கொட்டிலில் அப்படி என்ன குளிர் என்று யாரும் கேட்கவில்லை.